மஞ்சள் நிற எண்ணெய்

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தில் கரிம நைட்ரஜன் சேர்மங்கள் என்றொரு பாடம். அமீன்களை நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பது அதில் ஒரு சின்னப் பகுதி. எத்திலமீன் போன்ற ஓரிணைய அமீன் என்றால் நைட்ரஜன் வாயு வெளியேறி ஆல்கஹால் கிடைக்கும். ஈரிணைய அமீன் என்றால் N-நைட்ரசோ அமீன் என்ற மஞ்சள் நிற எண்ணெய் போன்ற திரவம் கிடைக்கும். மூவிணைய அமீன் என்றால் நீரில் கரையும் உப்பு. அவ்வளவுதான். மூன்று வரியையும் மனப்பாடம் செய்தால் மூன்று மார்க். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகளின் ஸ்டடி ஹாலில் இரவு பத்து மணிக்கு நுழைந்தால், யாராவது ஒரு பையன் இந்த மூன்று வரியை முணுமுணுத்துக்கொண்டிருப்பான். அப்படி ஒரு ஹாலில் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான்.

இந்த மூன்று வரியை ஒப்பிக்கச் சொல்லும் கேள்வி வேதியியல் கேள்வியே இல்லை என்பது என் தரப்பு. அது ஞாபகசக்திக்கான கேள்வி. ஞாபகசக்தியைச் சோதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அதற்கு வேதியியல் என்று பெயர் வைக்காதீர்கள். ‘விளைபொருள் எது?’ என்று மட்டும் கேட்டு, ‘அந்த வினை ஏன் அப்படிப் போகிறது?’ என்பதை விட்டுவிடுவதால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். என்ன குறையும் என்பதை இந்த மூன்று வரியை வைத்தே காட்ட முடியும். இவற்றில் இரண்டாவது வரி உலகம் முழுக்க ரத்த அழுத்த மாத்திரைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுக்க வைத்த வரி.

முதலில் அந்த ஏன்.

சோடியம் நைட்ரைட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்தால் நைட்ரஸ் அமிலம் வருகிறது. அமில ஊடகத்தில் அது ஒரு நீர் மூலக்கூறை இழந்து NO⁺ என்ற துண்டாக நடந்துகொள்கிறது (கொஞ்சம் எளிமைப்படுத்திச் சொல்கிறேன்). இந்தத் துண்டுக்கு எலக்ட்ரான் பசி. அமீனில் இருக்கும் நைட்ரஜனிடம் யாரோடும் பகிராத ஓர் எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. ஆக, மூன்று வகை அமீனிலும் முதல் அடி ஒன்றேதான்: அமீனின் நைட்ரஜன் போய் NO⁺-ஐப் பிடிக்கிறது. பிடித்ததும் அந்த நைட்ரஜன் மேல் நேர்மின் சுமை ஏறிவிடுகிறது. அதை இறக்கி வைக்க அதற்குத் தெரிந்த வழி, தன்னிடம் இருக்கும் ஒரு ஹைட்ரஜனை H⁺ ஆக உதறுவது.

இங்கேதான் மூன்றும் பிரிகின்றன. ஓரிணைய அமீனின் நைட்ரஜனில் இரண்டு ஹைட்ரஜன் இருந்தது. ஒன்று போனாலும் இன்னொன்று மிச்சம். இப்போது இருப்பது R–NH–N=O. மிச்சமிருக்கும் அந்த ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கம் இடம் மாறி R–N=N–OH ஆகிறது. அமிலம் அதிலிருந்து நீரைப் பிடுங்கினால் R–N₂⁺, அதாவது டையசோனியம். இரண்டு நைட்ரஜனும் ஏற்கெனவே கைகோத்து நிற்கின்றன. N₂ வாயுவாகக் கழன்று ஓடுவதைவிட அவற்றுக்குச் சுலபமான வேலை இல்லை. விட்டுப்போன இடத்தில் நீர் வந்து ஒட்டினால் ஆல்கஹால்.

ஈரிணைய அமீனில் ஒரே ஹைட்ரஜன். அதை உதறியாயிற்று. R₂N–N=O. இடம் மாற்றுவதற்கு இனி ஹைட்ரஜன் இல்லை, எனவே வினை அங்கேயே நிற்கிறது. அந்த நின்றுபோன பொருள்தான் மஞ்சள் நிற எண்ணெய். மூவிணைய அமீனிலோ உதற ஒரு ஹைட்ரஜன்கூட இல்லை. பிடித்த NO⁺-ஐத் திரும்ப விட்டுவிட வேண்டியதுதான். கடைசியில் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகிறது.

மூன்று வரி என்று நாம் மனப்பாடம் செய்தது உண்மையில் ஒரே வரி: நைட்ரஜனில் எத்தனை ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது? அதைப் பிடித்துக்கொண்ட மாணவி அட்டவணையை மறந்தாலும் இரண்டு நிமிடத்தில் திரும்ப எழுதிவிடுவாள்.

புத்தகம் எழுதாததையும் அவளால் சொல்ல முடியும் என்பது இதைவிட முக்கியம். எத்திலமீன் எத்தனால் தரும் என்று படித்த பையனிடம் 1-புரோப்பைலமீனைக் கொடுங்கள். புரோப்பன்-1-ஆல் என்று எழுதி மார்க்கும் வாங்கிவிடுவான். நிஜக் குடுவையில் கணிசமாகக் கிடைப்பது புரோப்பன்-2-ஆல், கூடவே புரோப்பீன் வாயு. N₂ கழன்றபின் விளிம்பில் நேர்மின் சுமையோடு நிற்கும் கார்பன் அங்கே தாக்குப்பிடிப்பதில்லை. பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜன் நகர்ந்து வந்து, சுமை நடுக் கார்பனுக்கு மாறிவிடுகிறது. ‘விளைபொருள்’ என்று ஒருமையில் கேட்பதே பல இடங்களில் பொய். குடுவைக்குள் ஒருமை அபூர்வம்.

இனி அந்த மாத்திரைக் கதை.

வால்சார்டன் ரத்த அழுத்தத்துக்கான மருந்து. நம் வீடுகளில் அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ யாராவது ஒருவருக்கு இந்தக் குடும்பத்து மாத்திரை போய்க்கொண்டிருக்கும். அதன் மூலக்கூறில் டெட்ரசோல் என்ற நைட்ரஜன் வளையம் உண்டு. அதைக் கட்ட சோடியம் அசைடு வேண்டும். சீனாவின் ஜேஜியாங் ஹுவாஹாய் என்ற நிறுவனம் இந்தப் படியை மாற்றியது. ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்குப்படி மாற்றம் 2012இல். புதிய முறையில் கரைப்பான் டைமெத்தில்ஃபார்மமைடு, சுருக்கமாக டி.எம்.எஃப். வினை முடிந்ததும் மிச்சமிருக்கும் அசைடை அப்படியே விட முடியாது. அது நஞ்சு, வெடிக்கவும் கூடும். அதை அழிக்கச் சோடியம் நைட்ரைட்டையும் அமிலத்தையும் சேர்த்தார்கள். ஆய்வுக்கூடங்களில் அசைடை அழிக்கும் பழைய வழி இது. நைட்ரஸ் அமிலம் அசைடை நைட்ரஜனாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் உடைத்துவிடும். மருந்து நன்றாக வந்தது. விளைபொருள் சரி.

இப்போது அந்த ஸ்டடி ஹாலுக்கு வாருங்கள். டி.எம்.எஃப். ஓர் அமைடு. அமைடை அமிலத்தோடு சூடாக்கினால் நீராற்பகுப்பு அடைந்து கார்பாக்சிலிக் அமிலமும் அமீனும் தரும் என்பது பிளஸ் டூ பாடம். டி.எம்.எஃப். உடைந்தால் வரும் அமீன் டைமெத்திலமீன். அது ஓர் ஈரிணைய அமீன். சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்ந்தால் நைட்ரஸ் அமிலம். ஈரிணைய அமீனும் நைட்ரஸ் அமிலமும் சேர்ந்தால்? மூன்று வரியில் இரண்டாவது வரி. N-நைட்ரசோடைமெத்திலமீன், NDMA. மஞ்சள் நிற எண்ணெய். எலிகளின் கல்லீரலில் அது புற்றுநோயை உண்டாக்குகிறது என்று மகீயும் பார்ன்ஸும் 1956இலேயே எழுதிவிட்டார்கள்.

அந்த எண்ணெய் 2018 வரை மாத்திரைக்குள் யார் கண்ணிலும் படவில்லை. அந்த ஆண்டு ஜூனில், மூலப்பொருள் வாங்கிய ஒரு நிறுவனம் கரைப்பான் மிச்சங்களைப் பார்க்கும் சோதனையில் பெயர் தெரியாத ஒரு பீக்கைப் பார்த்து ‘இது என்ன?’ என்று கேட்டது. ஜூலையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மாத்திரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஆகஸ்டில் நம் ஹைதராபாத்தின் ஹெட்டிரோ தயாரித்த வால்சார்டனும் அந்த வரிசையில் சேர்ந்தது. நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஹுவாஹாய்க்கு அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தின் சாரம் இதுதான்: முறையை மாற்றியபோது அந்த மாற்றத்தால் என்ன உருவாகலாம் என்று நீங்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் இருந்தவர்கள் படிக்காதவர்கள் இல்லை. அந்த மருந்தைத் தங்கள் சந்தையில் அனுமதித்த ஒழுங்குமுறை அமைப்புகளிலும் முனைவர்கள்தான் இருக்கிறார்கள். அந்த மூன்று வினைகளும் தனித்தனியாக அத்தனை பேருக்கும் தெரிந்தவை. தனித்தனியாக என்பதுதான் சிக்கல். ‘விளைபொருள் எது’ என்ற கேள்வி ஒவ்வொரு வினையையும் தனி அறையில் பூட்டுகிறது. அமைடு ஒரு பாடம், அமீன் ஒரு பாடம், டெட்ரசோல் கல்லூரியில். இந்தக் குடுவைக்குள் எலக்ட்ரான் ஜோடியோடு யார் யார் திரிகிறார்கள், NO⁺ வந்தால் யாரைப் பிடிக்கும் என்று கேட்பவருக்கு மட்டும்தான் அந்த அறைகள் திறக்கும்.

NDMA ஏன் நஞ்சு என்பதற்கும் அதே ஹைட்ரஜன்தான் விடை. குடுவையில் அது நின்றுபோனது ஹைட்ரஜன் இல்லாததால். உடம்புக்குள் போனால் கல்லீரல் நொதி ஒன்று அதன் மெத்தில் தொகுதி ஒன்றில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. அந்தத் தொகுதி ஃபார்மால்டிஹைடாகக் கழன்றுவிடுகிறது. போகும்போது நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜனை விட்டுவிட்டுப் போகிறது. CH₃–NH–N=O. இப்போது இது ஓரிணைய அமீனின் பாதையில் நடுவழியில் நிற்கும் பொருள். அங்கிருந்து எல்லாம் நமக்குத் தெரிந்த கதை: ஹைட்ரஜன் இடம் மாறும், நீர் போகும், மெத்தில்டையசோனியம் வரும், N₂ கழலும். குடுவையில் அந்த மெத்தில் தொகுதியைப் பிடிக்கத் தண்ணீர் இருந்தது. செல்லுக்குள் பக்கத்தில் டி.என்.ஏ. இருக்கிறது. அதன் குவானின் மேல் மெத்தில் ஒட்டிக்கொள்கிறது. முதல் வரிக்கும் இரண்டாவது வரிக்கும் இடையிலிருந்த கோட்டை உங்கள் கல்லீரலே அழித்துவிடுகிறது. அட்டவணையை மட்டும் படித்தவனுக்கு இது ஒரு புதிய மருத்துவத் தகவல். காரணம் படித்தவளுக்கு இது பழைய பாடத்தின் அடுத்த வரி.

இதெல்லாம் எங்கோ சீனாவில் நடந்தது என்று ஒதுக்க முடியாத இடத்தில் நாங்கள் இருக்கிறோம். ஓசூர் சிப்காட்டில் லாரியும் பைக்கும் வாட்ச்சும் மட்டும் தயாராவதில்லை, மருந்துத் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் ஜிகணி, பொம்மசந்திரா. சூளகிரி, பர்கூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்த பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஷிஃப்டுக்குப் போகிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி அப்படி ஒரு க்யூ.சி. லேபில் இருக்கிறாள். NDMA கதையைச் சொன்னபோது அவள் சொன்னாள்: “அண்ணா, ஸ்பெக்ல அஞ்சு இம்ப்யூரிட்டி பேரு இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் லிமிட் இருக்கும். ஆறாவதா ஒரு பீக் வந்தா டெவியேஷன் போடுவோம். பீக்கே வரலன்னா எதுக்குன்னு போடறது?”

அவள் சொல்வது துல்லியமான பிரச்சினை. NDMAவுக்கு எஃப்.டி.ஏ. வைத்த வரம்பு ஒரு நாளைக்கு 96 நானோகிராம். வால்சார்டனை அதிகபட்ச அளவான 320 மில்லிகிராம் சாப்பிடுபவருக்கு, மருந்தில் பத்து லட்சத்துக்கு 0.3 பங்கு. ஆனால் சாதாரணமாக மருந்து மூலப்பொருளில் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் அசுத்தத்தை அறிக்கையில் எழுதவே தேவையில்லை என்பது நடைமுறை. 0.05 சதவீதம் என்றால் பத்து லட்சத்துக்கு 500 பங்கு. வழக்கமான எச்.பி.எல்.சி. சோதனை அந்த அளவுகளுக்காக அமைக்கப்பட்டது. 0.3-ஐப் பிடிக்க வாயு நிறப்பகுப்பையும் நிறை நிறமாலையையும் இணைத்த கருவி வேண்டும். அதைவிட முக்கியமாக, ‘NDMA இருக்கிறதா பார்’ என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்க வேண்டும். தேடாததைக் கருவி காட்டாது. நான் பார்க்கும் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். எதிர்பார்த்த அவுட்புட் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் டெஸ்ட் நூறும் பச்சை காட்டும், கூடவே இன்னொரு ஃபைலில் குப்பை எழுதிக்கொண்டிருப்பதை ஒன்றுகூடச் சொல்லாது. எதைத் தேடுவது என்பது காரணத்திலிருந்துதான் வரும். அந்தப் பெண்ணுக்கு அந்தக் காரணத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அவளிடம் கேட்டதெல்லாம் மூன்று வரி.

ஏன் சொல்லித் தரவில்லை? எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது, எந்த அயனி ஏன் நிலைக்கிறது என்பதெல்லாம் கரிம வேதிவினைகளின் அடிப்படைக் கருத்துகள் என்ற பெயரில் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பது அந்த இலக்கணத்தில் எழுதப்பட்ட வாக்கியங்கள். எங்கள் மாவட்டம், தருமபுரி, நாமக்கல் என்று பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்பையே தூக்கிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தின. நான் படித்த பள்ளியும் அதைத்தான் செய்தது. பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார்கள், பிரிக்கவில்லை. இலக்கணம் இல்லாமல் வாக்கியங்களை மட்டும் இரண்டு வருடம் உருப்போட்டால் மார்க் வரும், மொழி வராது.

இந்த வழக்கத்தை உடைக்கத்தான் அரசு 2017-18 கல்வியாண்டிலிருந்து பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வைக் கைவிடச் சொல்கிறது. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வு பாரம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் தேர்வை எடுத்துவிட்டு வினாத்தாளை மாற்றாமல் விட்டால் பழைய ஸ்டடி ஹால் திரும்ப வரும். பதினொன்றாம் வகுப்பைக் காப்பாற்ற இன்னொரு வழி இருக்கிறது. அதைப் படிக்காமல் பதில் எழுதவே முடியாதபடி பன்னிரண்டாம் வகுப்புக் கேள்வியை அமைப்பது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் இரண்டு கனமானவை.

ஒன்று: ‘காரணம் கூறுக’ ஏற்கெனவே இருக்கிறதே! உண்மை, இருக்கிறது. அனிலீன் ஏன் ஃப்ரீடல்-கிராஃப்ட் வினைக்கு உட்படுவதில்லை, அரோமேட்டிக் டையசோனியம் உப்பு ஏன் அதிக நிலைப்புத்தன்மை உடையது என்று புத்தகத்தின் பயிற்சிப் பகுதியிலேயே கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்விகள். ஆனால் அதே அனிலீன், அதே வார்த்தைகள். கைடில் இரண்டு வரிப் பதில் இருக்கிறது. அந்த ‘ஏன்’ கடைசியில் நான்காவது வரியாக மனப்பாடத்தில் சேர்ந்துவிடுகிறது. வினைவழிமுறையின் அம்புக்குறிகளையே கோலம் மாதிரி பார்த்துப் போடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஏன் என்ற சொல் கேள்வியில் இருப்பது போதாது. படித்த காரணத்தைப் படிக்காத பொருளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டு: கிராமத்துப் பையன், முதல் தலைமுறை, அவனிடம் போய் ஏன் என்று கேட்டால் ஃபெயில் ஆவான். இதைச் சொல்பவர்களின் அக்கறையை மதிக்கிறேன், கணக்கை ஏற்கவில்லை. மனப்பாடத்துக்கு வேண்டியது நேரம், திருப்புதல் தேர்வு, விரட்ட ஆள். இவை காசு கொடுத்தால் கிடைப்பவை. மூன்று வரியை ஒரு வரியாகச் சுருக்கும் அறிவு யாரிடம் நேரம் குறைவோ அவனுக்குத்தான் அதிகம் உதவும். மாலையில் மாந்தோப்பில் வேலை பார்த்துவிட்டு வரும் பையனிடம் நாற்பது வினைகளை உருப்போடச் சொல்வது கருணை என்றால், எனக்கு அந்தக் கருணை புரியவில்லை.

திருத்துவது கஷ்டம் என்பார்கள். லட்சக்கணக்கான விடைத்தாள், ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள் என்பார்கள். சரி, ஐந்து மார்க்குக்கு ஒரு கேள்வி தருகிறேன்.

‘டி.எம்.எஃப். கரைப்பானில் நடந்த ஒரு வினையில் மிஞ்சிய சோடியம் அசைடை அழிக்க, மருந்து உள்ள அதே கலனில் சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்க்கப்படுகின்றன. எதிர்பாராத எந்தப் பொருள் உருவாகலாம்? அந்த வினை ஏன் நைட்ரஜன் வாயு தரும்வரை போகாமல் நிற்கிறது? அது மருந்தில் சேராமல் இருக்க ஒரு வழி சொல்லுங்கள்.’

டி.எம்.எஃப். உடைந்து டைமெத்திலமீன் வரும் என்றால் ஒரு மார்க். அதன் எலக்ட்ரான் ஜோடி NO⁺-ஐப் பிடிக்கும் என்றால் ஒன்று. N-நைட்ரசோடைமெத்திலமீன் என்று எழுதினால் ஒன்று. நைட்ரஜனில் இடம் மாற்ற ஹைட்ரஜன் இல்லாததால் நிற்கிறது என்றால் ஒன்று. கடைசி மார்க், மருந்தை முதலில் பிரித்தெடுத்துவிட்டு, அசைடு இருக்கும் நீர்ப்பகுதியில் மட்டும் நைட்ரைட் சேர்க்கலாம் என்பதற்கு. வேறு கரைப்பான் என்று எழுதினாலும், அது ஈரிணைய அமீன் தராதது என்று காட்டினால் கொடுக்கலாம். ஐந்துக்கும் விடைக்குறிப்பு இருக்கிறது. எந்த மொழிநடையில் எழுதினாலும் அந்த ஐந்து இடத்தைத் தொட்டாளா இல்லையா என்று பார்த்தால் போதும். கடைசி மார்க்குக்கான விடை என் கற்பனை இல்லை. வால்சார்டன் விவகாரத்துக்குப் பிறகு, அசைடை அழிக்கும் படியை மருந்து இருக்கும் கலவையிலிருந்து பிரித்து வைக்கும்படி எஃப்.டி.ஏ.யே தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுகிறது.

இதற்கும் எல்லை உண்டு. காரணம் தெரிந்தால் எதையும் சொல்லிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. எத்தனை பங்கு NDMA உருவாகும் என்று காகிதத்தில் யாராலும் சொல்ல முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். நாம் படிக்கும் காரணமும் சுருக்கப்பட்டது. மூவிணைய அமீன் வெறும் உப்பாக நின்றுவிடும் என்பதுகூட முழு உண்மை இல்லை. சூடும் நேரமும் கொடுத்தால் அது ஒரு தொகுதியை இழந்து மெதுவாக நைட்ரசோ அமீன் பக்கம் போகும். ஆனால் காரணம் தெரிந்தவளுக்கு அது சந்தேகப்பட ஓர் இடம். அட்டவணை மட்டும் தெரிந்தவனுக்கு அங்கே சந்தேகமே வராது.

அந்த லேபில் ஆறாவது பீக் எங்கே வரக்கூடும் என்று ஒரு பிளஸ் டூ மாணவியால் யோசிக்க முடியும். தேவையான மூன்று வினைகளும் அவள் புத்தகத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்க்கச் சொல்லி நாம்தான் இதுவரை அவளிடம் கேட்கவில்லை. மொத்தம் எழுபது மார்க் தாள். அதில் பத்து மார்க்குக்கு இப்படிக் கேளுங்கள், ஒவ்வொரு வருடமும் வேறு வேறு பொருளை வைத்துக் கேளுங்கள். மூன்றாவது வருடம் எங்கள் ஊர் ஹாஸ்டல்கள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தாமாகவே பிரிக்கும். மார்க் எங்கே இருக்கிறதோ அங்கே அவர்கள் வந்துவிடுவார்கள், அதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.